மேடையில் சொன்னதற்கு அத்தைக்கு ஒரு பதில்

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். உங்கள் வாழ்த்தும், கூடவே வந்த யோசனைகளும் கிடைத்தன. முழங்கால் வலியோடு திருநெல்வேலியிலிருந்து ரயிலேறி வந்து, என் கல்யாண முகூர்த்தத்துக்கு முந்தைய இரவு கண்விழித்துத் தாம்பூலப் பை போட்டவர் நீங்கள். அந்த உரிமையில்தான் நேராக எழுதுகிறேன். வேறு யாராவது என்றால் ‘நன்றி’ என்று ஒரு வரியில் முடித்திருப்பேன்.

வரவேற்பு மேடையில் படம் எடுக்க நின்றபோது, “அக்காவும் தம்பியும் மாதிரி இருக்கிறீர்கள்” என்றீர்கள். நான் என் கணவரைவிட ஐந்து வயது மூத்தவள் என்பது ஜாதகம் கைமாறிய அன்றே இரண்டு வீட்டிலும் பேசி முடித்த விஷயம். அவருடைய அம்மா என்னிடம் கேட்டது, கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போவாயா என்று மட்டும்தான்.

எனக்கு வலிக்கவில்லை என்றால் அது பொய். ஆனால் என்னைவிட அம்மாவுக்குத்தான் அதிகம் வலித்தது. அப்பா போன பிறகு, “இன்னும் பெண்ணை வைத்துக்கொண்டிருக்கிறாயா” என்ற கேள்வியைக் கேட்டுக் கேட்டே வருடங்களைக் கழித்தவர் அவர். அன்றைக்கு ஒருநாள்தான் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். நீங்கள் சொன்னதும் பந்தியைக் கவனிக்கப் போவதாகச் சொல்லி இறங்கிவிட்டார். நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள்.

உங்களுக்கும் மாமாவுக்கும் பன்னிரண்டு வயது வித்தியாசம். அதை யாரும் மேடையேறிச் சொன்னதில்லை. மாமா தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடும் சச்சினைவிட அஞ்சலி ஐந்து வயதுக்கு மேல் மூத்தவர். 1995இல் நடந்த கல்யாணம் அது. சதம் அடித்த நாளெல்லாம் தெருவுக்கே இனிப்பு கொடுத்தாரே மாமா, அப்போது வீட்டில் யாராவது வயதை எண்ணினோமா?

தலைக்குச் சாயம் பூசச் சொல்லியிருக்கிறீர்கள். இளநரை உங்கள் பிறந்த வீட்டுச் சொத்து, அத்தை. அப்பாவிடமிருந்து எனக்கு வந்தது. பூசத் தோன்றினால் பூசிக்கொள்கிறேன். எடையைக் குறைக்கச் சொன்னதற்கு மட்டும் இப்போது பதில் இல்லை. நீங்கள் கட்டிக்கொடுத்த அதிரசம் இன்னும் தீரவில்லை.

ஆடிப்பெருக்கன்று ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துப் படித்துறையில் நான் தாலிக்கயிறு மாற்றும்போது நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். அதில் மாற்றம் இல்லை. அவரும் அவருடைய அம்மாவும் வருவார்கள். அவர்கள் எதிரில் வயதைப் பற்றியோ தோற்றத்தைப் பற்றியோ பேச்சு வேண்டாம், வேடிக்கைக்குக்கூட. அந்தப் பேச்சு எழுந்தால் நான் அங்கேயே மறுத்துப் பேசிவிடுவேன்; பெரியவர்களை எதிர்த்தாள் என்ற பெயரும் எனக்கு வரும். அந்த நிலைக்கு என்னை விடாதீர்கள். முடிந்தால் அம்மாவுக்கு ஒருமுறை போன் செய்யுங்கள். மன்னிப்பெல்லாம் வேண்டாம், சும்மா பேசினாலே போதும்.

எந்த ரயில் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். திருச்சி ஸ்டேஷனுக்கு நாங்கள் இருவரும் வருகிறோம். மாமாவின் மாத்திரைகளை மறக்காமல் எடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்