12ஆம் தேதி ஆலோசனைக்கு முன்: மாதவிடாய், கர்ப்ப விவரங்கள்

7 ஜூன் 2025

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

வணக்கம். ஜூன் 12, வியாழக்கிழமை உங்களிடம் முதல்முறையாக வருகிறேன். வயது 35, கணவருக்கு 38. ஒரு மகள் இருக்கிறாள். இரண்டாவது குழந்தைக்காக 2024 ஏப்ரலில் இருந்து முயற்சி செய்கிறோம். 2023இல் நடந்த டி அண்ட் சி-க்குப் பிறகு எனக்கு உதிரப்போக்கு பாதிக்கும் கீழே குறைந்துவிட்டது. இதுவரை பார்த்த யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கடைசி மாதவிடாய் ஜூன் 3இல் தொடங்கியது. உங்களிடம் வரும் நாள் 10ஆம் நாளாக இருக்கும். இந்த ஆண்டின் தொடக்கத் தேதிகள்: ஜனவரி 5, ஜனவரி 30, பிப்ரவரி 23, மார்ச் 21, ஏப்ரல் 15, மே 9, ஜூன் 3. இடைவெளி 24 முதல் 26 நாள். பிரசவத்துக்கு முன்பு 28–30 நாளாக இருந்தது.

12 வயதில் பூப்படைந்தேன். முன்பெல்லாம் 5 நாள் போக்கு. முதல் இரண்டு நாள் தினம் நான்கைந்து நாப்கின் முழுதாக நனையும். இப்போது ஒன்றரை நாள்தான், மொத்தமே மூன்று நாப்கின், அவையும் பாதிதான் நனைகின்றன. வயிற்றுவலி மட்டும் குறையவில்லை; முதல் நாள் மெஃபெனமிக் ஆசிட் மாத்திரை ஒன்று போட வேண்டியிருக்கிறது. போக்கு நின்ற பிறகு மூன்று நான்கு நாள் பழுப்பு நிறத்தில் கறை படுகிறது. இந்தக் கறை டி அண்ட் சி-யால் வந்ததல்ல, சிசேரியனுக்குப் பிறகே தொடங்கிவிட்டது. மாதவிடாய்க்கு முன்பு கறை படுவதில்லை. போக்கு குறைந்ததற்கும் கறைக்கும் காரணம் வேறாக இருக்கலாம் என்பதால் பிரித்து எழுதுகிறேன்.

எல்.எச். ஸ்ட்ரிப் கடந்த மூன்று மாதமும் 11 அல்லது 12ஆம் நாளில் பாசிட்டிவ். அந்த நாட்களில் தெளிவான, இழுபடும் வெள்ளைப்படுதலும் உண்டு.

கர்ப்பங்கள் மூன்று.

2020இல் முதலாவது. நான்கு மாத முயற்சியில் இயல்பாகக் கருத்தரித்தேன். 38 வாரம் 4 நாளில் வலி எடுத்து, கருப்பை வாய் 8 செ.மீ. திறந்த பிறகு முன்னேற்றம் இல்லாததால் அவசர சிசேரியன். பெண் குழந்தை, 2.9 கிலோ. பிறகு மூன்று நாள் காய்ச்சல். ஊசி வழியாக ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். என் ரத்தம் ஓ நெகட்டிவ், மகளுக்கு ஓ பாசிட்டிவ். ஆன்டி-டி 300 மைக்ரோகிராம் போட்டார்கள்.

2023 பிப்ரவரியில் இரண்டாவது. 7 வார ஸ்கேனில் இதயத்துடிப்பு இருந்தது, 9 வார ஸ்கேனில் இல்லை. டி அண்ட் சி செய்தார்கள். உதிரப்போக்கு நிற்காமல், 17ஆம் நாள் ஸ்கேனில் உள்ளே மிச்சம் இருப்பது தெரிந்து மறுபடியும் சுரண்டி எடுத்தார்கள். ஆன்டி-டி போடப்பட்டது. எடுத்த திசு மரபணுச் சோதனைக்குப் போகவில்லை. அடுத்த மாதவிடாய் ஒன்பது வாரம் கழித்து வந்தது. அன்று குறைந்த போக்கு இன்றும் அப்படியேதான்.

2024 நவம்பரில் மூன்றாவது. பீட்டா எச்.சி.ஜி. 64, 48 மணி நேரம் கழித்து 71, அதன்பின் ஐந்தாம் நாள் 11. ஸ்கேனில் எதுவும் தெரியும் முன்பே உதிரப்போக்கு வந்துவிட்டது. இந்த முறை ஆன்டி-டி போடவில்லை.

கையில் உள்ள ரிப்போர்ட்கள்: மார்ச்சில் ஏ.எம்.எச். 1.4, மூன்றாம் நாள் எஃப்.எஸ்.எச். 9.1, ஆனால் உடன் எஸ்ட்ராடயால் பார்க்கவில்லை. எஸ்ட்ராடயால் கூடுதலாக இருந்தால் எஃப்.எஸ்.எச். குறைவாகக் காட்டும் என்பதால் இந்த எண்ணை மட்டும் வைத்து நிம்மதிப்பட முடியவில்லை. டி.எஸ்.எச். 3.1 (தைராக்ஸின் 50 மைக்ரோகிராம், வெறும் வயிற்றில்). அந்தச் சமயம் முடிக்காக பயோட்டின் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தேன். அது தைராய்டு அளவைப் பிழையாகக் காட்டக்கூடும் என்பதால் இப்போது நிறுத்திவிட்டேன்.

புரோஜெஸ்டிரோன் பற்றிக் கொஞ்சம் விளக்க வேண்டும். மே 5ஆம் தேதி, 21ஆம் நாள் எடுத்ததில் 2.6 வந்தது. முட்டை வெடிக்கவில்லை என்று சொல்லி லெட்ரோசோல் 2.5 மி.கி. எழுதித் தந்தார்கள். ஆனால் நான்கே நாளில், மே 9இல், மாதவிடாய் வந்துவிட்டது. என் சுழற்சிக்கு 18 அல்லது 19ஆம் நாள்தான் அதைப் பார்க்க வேண்டிய நாள். 21இல் அளவு இறங்கத் தொடங்கியிருக்கும். மாத்திரையை இன்னும் தொடங்கவில்லை, உங்களைக் கேட்டுவிட்டுத்தான் தொடங்குவேன்.

கணவரின் விந்துப் பரிசோதனை ஏப்ரலில், மூன்று நாள் இடைவெளி விட்டு எடுத்தது: 2.2 மி.லி., ஒரு மி.லி.க்கு 1.8 கோடி, முன்னோக்கிய அசைவு 28 சதவீதம், சரியான வடிவம் 4 சதவீதம். அதற்கு ஐந்து வாரம் முன்பு அவருக்கு 103 டிகிரி காய்ச்சல் இருந்தது. புகை, மது இல்லை.

மற்றவை: உயரம் 162 செ.மீ., எடை 68 கிலோ. ஃபோலிக் ஆசிட் 400 மைக்ரோகிராம் தினமும். பாப் ஸ்மியர் 2024இல் நார்மல். மருந்து ஒவ்வாமை இல்லை. உறவின்போது வலி இல்லை.

என் கேள்விகள். முக்கியமானது முதலில்.

இரண்டு முறை சுரண்டிய பிறகு போக்கு குறைந்தும் வலி குறையாமல் இருப்பதைப் பார்த்தால் கருப்பைக்குள் ஒட்டல் இருக்குமோ என்ற சந்தேகம் எனக்கு. சலைன் ஸ்கேன் போதுமா, நேராக ஹிஸ்டெரோஸ்கோப்பியா? ஒட்டல் இருந்தால் அதே அமர்வில் பிரித்துவிடுவீர்களா, மீண்டும் ஒட்டாமலிருக்க என்ன செய்வீர்கள்? பழுப்புக் கறைக்குச் சிசேரியன் தழும்பில் பள்ளம் இருப்பது காரணமா என்பதையும் அப்போதே பார்த்துவிட முடியுமா?

பிரசவத்துக்குப் பின் காய்ச்சல் வந்ததால் குழாய் அடைப்பையும் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். எச்.எஸ்.ஜி. என்றால் எனக்கு 9ஆம் நாளுக்குள் முடித்தாக வேண்டும். 10ஆம் நாள் வரை தள்ளினால் முட்டை வெளிவரும் நேரம் நெருங்கிவிடும். அடுத்த மாதவிடாய் ஜூன் 28 வாக்கில். 2ஆம் நாள் ரத்தப் பரிசோதனை ஞாயிற்றுக்கிழமை விழுகிறது. உங்கள் லேப் திறந்திருக்குமா, அல்லது திங்களன்று 3ஆம் நாள் எடுத்தால் போதுமா? முட்டைப் பை எண்ணிக்கை ஸ்கேனையும் அன்றே வைத்துக்கொள்ளலாமா?

இரண்டு கருக்கலைவுக்குப் பிறகு ஆன்டிபாஸ்போலிபிட் சோதனை தேவையா? தேவையென்றால் 12 வாரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டியிருக்கும், ஆகவே முதல் மாதிரியை உடனே கொடுத்துவிடலாமே. எங்கள் இருவருக்கும் குரோமோசோம் பரிசோதனை வேண்டுமா?

நவம்பரில் ஆன்டி-டி போடாததால் இப்போது மறைமுக கூம்ஸ் டெஸ்ட் பார்க்க வேண்டுமா? ரூபெல்லா எதிர்ப்பு சக்தி பார்த்ததில்லை. தடுப்பூசி போட வேண்டியிருந்தால் ஒரு மாதம் கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும், அதனால் ஹிஸ்டெரோஸ்கோப்பி மாதத்திலேயே போட்டுவிடலாமா? கணவருக்குக் காய்ச்சல் வந்து மூன்று மாதம் கடந்த பிறகு, அதாவது ஜூன் இறுதியில், விந்துப் பரிசோதனையை மறுபடி எடுத்தால் சரியா?

12ஆம் தேதி உள்வழி ஸ்கேன் செய்ய எனக்குச் சம்மதம். கணவர் உடன் வருவார், அவர் முன் எல்லாவற்றையும் பேசலாம். பழைய டிஸ்சார்ஜ் சம்மரி இரண்டும், ஸ்கேன் படங்களும், ரத்த ரிப்போர்ட்களும் தேதி வாரியாக ஒரே ஃபைலில் இருக்கின்றன. இரண்டாவது டி அண்ட் சி-யின் குறிப்பை மட்டும் மேலே வைத்திருக்கிறேன்.

நன்றியுடன்,
சுமதி