பொருள்: கணக்கு உதவியாளர் பணி: சம்மதம்

வணக்கம் மேடம்,

நேற்று வந்த ஆஃபர் லெட்டரைப் படித்தேன். வேலையில் சேரச் சம்மதம். கையெழுத்திட்ட பிரதியை இணைத்துள்ளேன். மிக்க நன்றி.

சம்பளம் மாதம் ரூ.28,000. அதில் பி.எஃப். 1,800 போக 26,200 கைக்கு வரும் என்று புரிந்துகொண்டேன். போனில் சொன்ன பயணப்படி 1,500 லெட்டரில் இல்லை. அது தனியா, இதற்குள்ளேயே அடங்குமா என்று ஒரு வரி எழுதினால் போதும்.

டிசம்பர் 1, திங்கள் காலை 9.30-க்கு கோவை அலுவலகத்துக்கு வந்துவிடுவேன். டிகிரி சான்றிதழ், ஆதார், பான், மூன்று மாத பே ஸ்லிப், பாஸ்புக் முதல் பக்கம், நான்கு போட்டோ எல்லாம் தயார். ஒரிஜினலைச் சரிபார்த்துவிட்டு அன்றே திருப்பித் தருவீர்கள்தானே? ரிலீவிங் லெட்டர் மட்டும் 28ஆம் தேதி மாலைதான் கிடைக்கும். சேரும் அன்று கையோடு கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
கவிதா