கான்கார்டியா: பகடையில்லாத வணிகப் போட்டி

மாக் கெர்ட்ஸ் வடிவமைத்து 2013இல் வெளிவந்த கான்கார்டியா, ரோமானியப் பேரரசின் நகரங்களில் வீடு கட்டிச் செங்கல், கோதுமை, கருவி, திராட்சை மது, துணி ஆகியவற்றை விளைவித்து விற்கும் பலகை விளையாட்டு. இரண்டு முதல் ஐந்து பேர் ஆடலாம். நால்வர் என்றால் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் பிடிக்கும்.

எல்லோரும் ஒரேவிதமான ஏழு சீட்டுகளுடன் தொடங்குகிறார்கள். ஒரு சீட்டை வைத்து அதில் எழுதியிருப்பதைச் செய்ய வேண்டும், அவ்வளவுதான் விதி. நுட்பம் வேறிடத்தில் இருக்கிறது: ப்ரீஃபெக்ட் சீட்டால் ஒரு மாகாணத்தில் விளைச்சலை எடுத்தால், அங்கே வீடு வைத்திருக்கும் எதிராளிக்கும் சரக்கு சேரும். சென்ற வாரம் நான் துணிக்காக ஆசைப்பட்டு எடுத்த ஒரு முடிவு, பக்கத்தில் இருந்தவருக்கு அடுத்த வீட்டையே கட்டிக்கொடுத்துவிட்டது.

அதிர்ஷ்டத்தை நம்பாமல் நான்கைந்து நகர்வுகளை முன்கூட்டியே கணக்கிடுவதில் சுகம் காண்பவர்களுக்கும், கட்டான் என்ற பலகை விளையாட்டை ஆடிச் சலித்து அடுத்த படியைத் தேடுபவர்களுக்கும் இதைத் தயங்காமல் சொல்வேன். நேரடி மோதலையும் பேரம் பேசுவதையும் எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். மதிப்பெண் பெரும்பாலும் இறுதியில்தான், தம்மிடம் உள்ள சீட்டுகளில் இருக்கும் தெய்வங்களின்படி கணக்கிடப்படுவதால், யார் முந்துகிறார் என்பது தெரியாமல் ஆடப் பொறுமையில்லாதவர்களுக்கும் சிறுவர்களுக்கும் இது ஒத்துவராது. அட்டைப்பெட்டியின் படத்தைப் பார்த்து மட்டும் யாரும் இதை வாங்க மாட்டார்கள் என்பது வேறு கதை.