செட்டிநாட்டுத் தலைவாசல் கதவு

சுவர்ப் பலகை

செட்டிநாடு, சிவகங்கை மாவட்டம். 1900-ஐ ஒட்டி.
பர்மா தேக்கு, பித்தளை, இரும்பு.

கதவைவிட நிலையில்தான் வேலைப்பாடு அதிகம். மேலே கஜலட்சுமி, இருபுறமும் யாளி, கிளி, பூங்கொடி. வட்டித் தொழிலுக்காக பர்மா சென்ற நகரத்தார் அங்கிருந்து தருவித்த தேக்கு இது. கீழ்ப்படியில் ஏறியிருக்கும் மஞ்சள் நிறத்தையும் பாருங்கள். கதவைத் தொட வேண்டாம்.

நின்று பார்க்க நேரமிருப்பவர்களுக்கு
(படித்த பின் அட்டையைக் கொக்கியிலேயே மாட்டிவிடுங்கள்)

மேலிருந்து தொடங்குங்கள். தாமரையில் லட்சுமி அமர்ந்திருக்க, இரண்டு பக்கமும் யானைகள் குடத்து நீரை ஊற்றுகின்றன. வீட்டுக்குள் செல்வம் வந்து தங்க வேண்டும் என்று வாசலுக்கு மேலே கஜலட்சுமியை வைப்பது வழக்கம். வலப்பக்கத்து யானையின் தும்பிக்கை எப்போதோ உடைந்து, யாரோ புதிதாகச் செய்து ஒட்டியிருக்கிறார். அந்த இடத்தில் மட்டும் மரத்தின் ரேகை குறுக்கே ஓடும். நல்ல கைவேலை, சொல்லாவிட்டால் கண்ணில் படாது.

அப்புறம் நிலைக்கால்கள். வெளியே தாமரை இதழ் வரிசை, அதற்குள் மணிக்கோவை, அதற்கும் உள்ளே கொடி. இரண்டு காலும் பார்வைக்கு ஒன்றுபோல்தான் இருக்கும். கிட்டே வந்து கொடியை மட்டும் பாருங்கள். இடப்பக்கம் தண்டுக்குப் பின்னால் விரல் நுழையும் ஆழத்துக்குக் குடைந்திருக்கிறது, இலைகள் மடங்கி நிற்கின்றன. வலப்பக்கம் கொடி பலகையோடு படிந்து கிடக்கிறது. ஆசாரிகள் இருவர் ஆளுக்கொரு காலாக எடுத்துக்கொண்டு வேலை செய்திருக்க வேண்டும். எங்கள் கண்ணுக்கு இடப்பக்கத்து ஆள்தான் கெட்டிக்காரர். அவர் செதுக்கிய கிளிகளில் ஒன்றுகூட இன்னொன்றைப் போல இல்லை: ஒன்று பழம் கொத்துகிறது, ஒன்று திரும்பித் தன் இறகையே கோதுகிறது.

இவ்வளவு ஆழமாகச் செதுக்கியும் விளிம்பு உதிராமல் இருப்பதற்குத் தேக்குதான் காரணம். மரத்திலேயே எண்ணெய்ப் பசை இருப்பதால் கரையான் எளிதில் அண்டாது, வெயிலுக்கும் மழைக்கும் அவ்வளவாக முறுக்கிக்கொள்ளாது. பர்மாக் காடுகளில் தேக்கை உடனே வெட்டிச் சாய்ப்பதில்லை. அடியில் பட்டையை வளையமாக வெட்டிவிட்டு, நின்ற நிலையிலேயே இரண்டு மூன்று ஆண்டுகள் காய விடுவார்கள். பச்சைத் தேக்கு நீரில் மூழ்கும், காய்ந்ததுதான் மிதக்கும். அப்படிக் காய்ந்த கட்டைகளை யானைகள் ஆற்றங்கரைக்கு இழுத்துவர, ஐராவதியில் மிதந்து அவை ரங்கூன் சேர்ந்தன. அங்கிருந்து கப்பல்.

இந்தத் தேக்கை வாங்கிய பணம் நெல்லில் வந்தது. 1852-ல் கீழ் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது. பர்மா அரிசிக்கு ஐரோப்பாவில் கிராக்கி ஏறியது. சதுப்பைத் திருத்தி வயலாக்கிய விவசாயிகளுக்குக் கடன் கொடுத்தவர்களில் நகரத்தார் முன்வரிசையில் இருந்தார்கள். 1930-களில் நெல் விலை விழுந்தபோது கடன் திரும்பவில்லை, நிலம்தான் வந்தது. அந்தப் பத்தாண்டின் முடிவில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால்பங்கு நிலம் அவர்கள் பெயரில் இருந்தது. இழந்தவர்கள் பர்மிய விவசாயிகள். இந்தக் கதவின் அழகைப் பேசும்போது அதையும் சேர்த்தே பேச வேண்டும். 1942-ல் ஜப்பானியப் படை வந்ததும் நகரத்தாரும் போட்டது போட்டபடி ஊர் திரும்பினார்கள். இந்த அளவுக்கு வீடு கட்டுவதும் அதோடு ஏறக்குறைய நின்றது.

கதவில் கீல் எங்கே என்று தேடுகிறீர்களா? கிடையாது. ஒவ்வொரு கதவுக்கும் மேலும் கீழும் மரத்திலேயே குடுமி விட்டிருக்கிறார்கள். அது நிலையின் குழியில் உட்கார்ந்து சுழலும். கீழ்க்குழியில் எண்ணெய் ஊறிக் கறுத்திருப்பது தெரியும்.

படிக்கட்டையின் மஞ்சள், வெள்ளிக்கிழமைதோறும் பூசிப் பூசி ஏறியது. மேலே இரண்டு மூலையிலும் கொத்தாக இருக்கும் ஆணித் துளைகள் மாவிலைத் தோரணம் கட்டியவை. சுத்தம் செய்தபோது தூசியையும் பழைய வார்னிஷையும் மட்டும் எடுத்தோம், மஞ்சளைத் தொடவில்லை.

வீடு பங்காளிகளுக்குள் பிரிந்து, பிறகு இடிபட்டது. தூண், கதவு, உத்தரம் எல்லாம் தனித்தனியே விலை போயின. காரைக்குடியில் முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போனால் இப்படிப் பிரிந்து வந்த சாமான்களை இன்றும் பார்க்கலாம்.

வலப்புறமாகச் சுற்றிப் பின்பக்கம் வாருங்கள். அங்கே செதுக்கலே இல்லை. வெறும் இழைப்பு, இரும்புத் தாழ்ப்பாள், நாதாங்கி. சாவி பக்கத்துக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது.