எவர்சில்வர் டிபன் பாக்ஸ் 900 மி.லி. | 304 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் | குழம்புக்கு மூடியுடன் தனிக் கிண்ணம், கழற்றும் தடுப்பு | 4 கிளிப், ஒழுகாத மூடி | அலுவலகம், கல்லூரி, பள்ளி | பெயர் பொறித்துத் தரப்படும்

விலை: 749 ரூபாய், எல்லா வரிகளும் உட்பட. பெயர் பொறிக்கத் தனிக் கட்டணம் இல்லை.

முக்கிய விவரங்கள்

- ஒழுகாத மூடி: நான்கு பக்கமும் கிளிப், மூடிக்குள் சிலிக்கான் வாஷர். தண்ணீர் நிரப்பிப் பூட்டி, அரை மணி நேரம் தலைகீழாக வைத்துப் பார்த்த பிறகே ஒவ்வொரு பாக்ஸும் பெட்டிக்குள் போகிறது. வாங்கியதும் நீங்களும் சிங்க்கில் வைத்துச் சோதித்துக்கொள்ளலாம்.
- குழம்புக்குத் தனிக் கிண்ணம்: 150 மி.லி., மூடியுடன். சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், சட்னி எதுவானாலும் சாதத்தோடு சேராமல் மதியம்வரை தனியே இருக்கும்.
- உணவு படும் இடமெல்லாம் 304: பாக்ஸ், மூடி, தடுப்பு, கிண்ணம் நான்கும் 304. கிளிப் மட்டும் 202. அது உணவில் படுவதில்லை. மூடியின் உட்புறத்தில் பிளாஸ்டிக் கிடையாது.
- ஒருவருக்குப் போதுமான அளவு: கிண்ணம் உள்ளே இருக்கும்போதே இரண்டு கரண்டி சாதமும் ஒரு பொரியலும் கொள்ளும். நன்றாகச் சாப்பிடுகிறவர் என்றால் கீழே உள்ள அளவு விவரத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.
- மூலை இல்லாத உட்புறம்: ஒரே தகட்டில் அழுத்தி எடுத்தது, ஒட்டு இல்லை. நான்கு மூலையும் வளைவாக இருப்பதால் சோற்றுப் பருக்கை சிக்காது. விளிம்பு உள்ளே மடிக்கப்பட்டிருப்பதால் கையைக் கிழிக்காது.
- பெயர் பொறிப்பு: தமிழிலோ ஆங்கிலத்திலோ 12 எழுத்துகள்வரை.
- சூடு காக்காது: இது ஒற்றைச் சுவர்ப் பாத்திரம். சூடான சாப்பாடுதான் வேண்டும் என்றால் இரட்டைச் சுவர் உள்ள வகையைத் தேடுங்கள்.
- மைக்ரோவேவில் வைக்கக்கூடாது.

பெட்டிக்குள் இருப்பவை

டிபன் பாக்ஸ் 1, மூடி 1, தடுப்பு 1, மூடியுடன் கிண்ணம் 1, கூடுதல் வாஷர் 1. பை, கரண்டி இல்லை. படத்தில் தெரியும் துணிப்பை படத்துக்காக மட்டுமே.

அளவு

- வெளி அளவு: நீளம் 19 செ.மீ., அகலம் 13.5 செ.மீ., உயரம் 6 செ.மீ. (கிளிப் உட்பட)
- உட்புற ஆழம்: 5 செ.மீ.
- கொள்ளளவு: விளிம்புவரை 900 மி.லி.
- கிண்ணம்: விட்டம் 7.5 செ.மீ., 150 மி.லி.
- எடை: கிண்ணத்துடன் சுமார் 520 கிராம்
- தகட்டின் கனம்: 0.6 மி.மீ.

மில்லிலிட்டரில் சொன்னால் யாருக்கும் சாப்பாடு கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே, நாங்களே நிரப்பிப் பார்த்த வகைகள்:

- சாதம், ஒரு பொரியல், கிண்ணத்தில் சாம்பார். சாதத்துக்குச் சுமார் 450 மி.லி. இடமும் பொரியலுக்கு 200 மி.லி. இடமும் கிடைக்கும்.
- புளியோதரை, எலுமிச்சை சாதம், தயிர் சாதம் போன்றவை மட்டும் என்றால் கிண்ணத்தையும் தடுப்பையும் வெளியே எடுத்துவிடலாம். அப்போது பாக்ஸ் முழுதும் சாதத்துக்குத்தான்.
- நடுத்தர அளவு இட்லி 4, கிண்ணம் இல்லாமல். இட்லிக்குப் பொடி தடவிக் கொண்டுபோகிறவர்களுக்குச் சரி; சட்னியும் உள்ளேயே வேண்டும் என்றால் இரண்டு இட்லிதான் தாராளமாக இருக்கும்.
- நான்காக மடித்த சப்பாத்தி 3, கிண்ணத்தில் குருமா.

சாதம், சாம்பார், ரசம், தயிர், இரண்டு காய் என்று முழுச் சாப்பாடு கட்டுகிற வீட்டுக்கு இது போதாது. அதற்கு மூன்றடுக்குக் கேரியர்தான் சரி.

எந்த எஃகு, ஏன்

304 என்பதில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். பாத்திரத்தில் '18/8' என்று அச்சிட்டிருப்பது இதைத்தான். 202 தரத்தில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள். விலை குறையும், பளபளப்பிலும் வேறுபாடு தெரியாது. ஆனால் புளி, உப்பு, எலுமிச்சை என்று தினமும் பட்டால் துரு பிடிக்காமல் தாங்குவது 304தான். நம் மதியச் சாப்பாட்டில் இந்த மூன்றில் ஒன்றாவது இல்லாத நாள் உண்டா?

காந்தம் வைத்துச் சோதிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காந்தம் ஒட்டாவிட்டால் 304 என்று பலர் நம்புகிறார்கள். 202 தகட்டிலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. மறுபக்கம், நல்ல 304 தகட்டையே அழுத்தி வளைத்தால் வளைந்த மூலைகளில் காந்தம் லேசாக இழுக்கும். இந்த பாக்ஸின் மூலைகளிலும் அப்படி இழுக்கும். அதைப் பார்த்துப் பொருளைத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

மூடியும் கிண்ணமும்

பாக்ஸின் மூடிதான் பூட்டு. கிண்ணத்தின் மூடி வெறும் அழுத்து மூடி; வாஷர் உண்டு, கிளிப் கிடையாது. பை சாய்ந்தால் கிண்ணத்திலிருந்து ஒரு சொட்டு ரசம் சாதத்தில் விழலாம், ஆனால் பாக்ஸைத் தாண்டி நோட்டுப் புத்தகத்துக்குப் போகாது. கிண்ணத்தை முக்கால் அளவுக்கு நிரப்பினால் அந்த ஒரு சொட்டும் விழாது.

நடுத் தடுப்பு காயையும் சாதத்தையும் பிரிக்க மட்டுமே. கூட்டு, அவியல்போல் கொஞ்சம் நீர்விடும் பதார்த்தம் அடியில் கசிந்து அந்தப் பக்கம் போகும். தடுப்பு நீரைத் தடுக்கும் என்று எங்கும் நாங்கள் சொல்லவில்லை. அப்படி எதிர்பார்த்து வாங்காதீர்கள்.

கொதிக்கக் கொதிக்க வைத்து உடனே மூடிப் பூட்டினால், ஆறும்போது உள்ளே காற்று சுருங்கி மூடி இறுகிக்கொள்ளும். ஆவி நின்றபின் மூடுவது நல்லது. இறுகிவிட்டால் கத்தியால் நெம்ப வேண்டாம். பாக்ஸின் அடியைச் சில நிமிடம் வெந்நீரில் வையுங்கள், தானே விட்டுக்கொடுக்கும்.

கிளிப்புகள் புதிதில் சற்று இறுக்கமாகவே இருக்கும். பெரியவர்களுக்கு இது பொருட்டல்ல. எல்.கே.ஜி., யு.கே.ஜி. குழந்தைகளின் விரலுக்கு இது கடினம். மூன்றாம் வகுப்பிலிருந்து பிள்ளைகள் தாங்களே திறந்து மூடுகிறார்கள்.

பெயர் பொறிப்பு

பாத்திரக் கடையில் வாங்கினால் கையோடு பெயர் போட்டு வாங்கிவருவது நம் பழக்கம். அதை இங்கேயும் வைத்திருக்கிறோம். ஆர்டர் செய்யும்போது 'பெயர்' என்ற இடத்தில் எழுதியதை அப்படியே பொறிப்போம். எழுத்துப் பிழையை நாங்களாகத் திருத்துவதில்லை. 'ப்ரியா' என்று எழுதினால் 'ப்ரியா', 'பிரியா' என்று எழுதினால் 'பிரியா'. இனிஷியலையும் சேர்த்து எழுதுங்கள், ஒரே வகுப்பில் மூன்று கார்த்திக் இருப்பார்கள்.

பெயர் இரண்டு இடத்தில் வரும்: பாக்ஸின் அடியிலும் மூடியின் மேலேயும். கல்லூரி விடுதியிலும் அலுவலக உணவறையிலும் மாறிப்போவது பெரும்பாலும் மூடிதான் என்பதால் மூடியை விட்டுவைப்பதில்லை. பொறிப்பு மேல்தகட்டில் கீறல் ஆழத்தில் மட்டுமே இருக்கும். தேய்த்தாலும் போகாது, உட்புறத்தில் தெரியாது. பெயர் பொறித்த பாக்ஸ் அனுப்ப இரண்டு நாள் கூடுதலாக ஆகும்.

முதல் முறையும் தினமும்

- பயன்படுத்தும் முன் உட்புறத்தில் ஒரு சொட்டு எண்ணெய் தடவித் துணியால் துடையுங்கள். துணியில் கறுப்பாக வருவது பாலிஷ் போட்ட மிச்சம். கறுப்பு வருவது நின்றதும் சோப்புப் போட்டு வெந்நீரில் கழுவினால் போதும்.
- தேங்காய் நார் அல்லது மென்மையான ஸ்பாஞ்ச் போதும். கம்பி நார் கோடு போடும்.
- வாஷரை வாரம் இரண்டு முறையாவது கழற்றிக் கழுவுங்கள். தயிர் வாடை தங்குவது அந்த இடுக்கில்தான். கரண்டிக் காம்பால் நெம்பினால் வந்துவிடும்.
- ஊறுகாயும் உப்பும் மதியம்வரை இருந்தால் ஒன்றும் ஆகாது. கழுவாமல் இரவு முழுக்கப் போட்டுவைத்தால் எந்த எவர்சில்வரிலும் சிறு புள்ளிகள் விழும், 304ஆக இருந்தாலும்.
- போர்வெல் தண்ணீரில் கழுவும் வீடுகளில் வெள்ளைத் திட்டு படியும். அது துருவல்ல. எலுமிச்சைத் தோலால் தேய்த்துக் கழுவி, உடனே துடைத்து வையுங்கள்.
- வைக்கும்போது மூடியைப் பூட்டாமல் வையுங்கள். வாஷர் நீண்ட நாள் வரும்.

வாங்குமுன் பலர் கேட்பவை

*அடுப்பில் வைத்துச் சூடாக்கலாமா?*
நேரடியாக வேண்டாம்; அடி மெல்லிய தகடு, நெளிந்துவிடும். மூடியையும் வாஷரையும் எடுத்துவிட்டு, இட்லிப் பானையின் ஆவியில் வைத்துச் சூடாக்கலாம்.

*தயிர் சாதம் மதியத்துக்குள் புளித்துவிடுமா?*
அது பாத்திரத்தைவிட வெயிலைப் பொறுத்தது. சித்திரை, வைகாசியில் காய்ச்சி ஆறிய பாலை ஊற்றிப் பிசைந்து, ஒரு ஸ்பூன் தயிர் மட்டும் சேர்த்துக் கட்டுங்கள். சாப்பிடும் நேரத்துக்குப் பதமாகத் தோய்ந்திருக்கும்.

*ஃபிரிட்ஜில் வைக்கலாமா?*
வைக்கலாம்.

*பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடலாமா?*
பாக்ஸ், தடுப்பு, கிண்ணம் மூன்றையும் போடலாம். வாஷரைக் கையால் கழுவுங்கள்.

*வாஷர் தேய்ந்துபோனால்?*
பெட்டியிலேயே ஒன்று கூடுதலாக இருக்கிறது. அதற்குமேல் தேவைப்பட்டால் எங்கள் விற்பனைப் பக்கத்தில் 40 ரூபாய்க்குத் தனியாகக் கிடைக்கும். வேறு பாக்ஸின் வாஷர் இதற்குப் பொருந்தாது.

உத்தரவாதமும் திருப்பி அனுப்புதலும்

கிளிப் உடைந்தால் ஒரு வருடத்துக்குள் மாற்றித் தருவோம். கீழே விழுந்து நெளிந்தது, கம்பி நாரால் விழுந்த கோடு ஆகியவை இதில் சேராது.

பொருள் பிடிக்கவில்லை என்றால் 10 நாளுக்குள் பயன்படுத்தாத நிலையில் திருப்பி அனுப்பலாம். பெயர் பொறித்ததைத் திரும்பப் பெற இயலாது; ஆனால் ஒழுகினாலோ, நெளிந்து வந்தாலோ, நீங்கள் எழுதிய பெயரை நாங்கள் தவறாகப் பொறித்தாலோ புதியது அனுப்புவோம். ஒழுகுகிறது என்றால் தண்ணீர் நிரப்பித் தலைகீழாக வைத்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். பழைய பாக்ஸை நீங்கள் பார்சல் கட்ட வேண்டியதில்லை, எங்கள் ஆள் வந்து வாங்கிக்கொள்வார்.

தயாரிப்பு: திருப்பூர், அனுப்பர்பாளையம், தமிழ்நாடு. தயாரித்த நாடு: இந்தியா. நிகர அளவு: 1 செட்.