மண்டபத்துக்குள் போன் வேண்டாம்: கொடைக்கு வரும் எல்லாருக்கும்

அண்ணாச்சிமாரே, தாய்மாரே, வெளியூரிலிருந்து வந்திருக்கும் பிள்ளைகளே,

திங்கள் ராத்திரி குடியழைப்பிலிருந்து புதன்கிழமை மஞ்சள் நீராட்டு முடிகிறவரை அம்மன் மண்டபத்துக்குள் போனில் பேசுவது, போட்டோ எடுப்பது, வீடியோ எடுப்பது, லைவ் போடுவது எதுவும் கிடையாது. வரிதாரர்கள் கூடிப் பேசி எடுத்த முடிவு இது. சென்னை, மும்பை, வளைகுடா என்று பிழைக்கப் போன இடத்திலிருந்து லீவு போட்டு வருகிறவர்களுக்கு இது கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கும், தெரியும்.

ஏன் என்று சொல்லிவிடுகிறோம். போன கொடையில் மதியக்கொடை தீபாராதனைக்கு மணி அடித்ததும் முன்வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் போனைத் தலைக்குமேல் தூக்கிவிட்டார்கள். பின்னால் நின்ற பெரியம்மைகளுக்கு அம்மன் முகம் தெரியவில்லை, வரிசையாக ஸ்கிரீன்தான் தெரிந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை அலங்காரத்தில் பார்க்கிற முகம் அது. கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டிய கையில் போன் இருந்தால் எப்படி?

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. அருள் வந்து ஆடுகிறவர்களை யாரும் படம் எடுக்கக் கூடாது, அது கோமரத்தாடியாக இருந்தாலும் சரி, கூட்டத்தில் நின்ற ஒரு பெண்ணுக்குத் திடீரென்று வந்த அருளாக இருந்தாலும் சரி. அந்த நேரத்தில் சேலை விலகுவதோ முடி அவிழ்வதோ அவர்கள் அறிந்து நடப்பதில்லை. நம்ம சொந்தத்திலேயே ஒருவர் அருளாடியதை யாரோ எடுத்து, சினிமாப் பாட்டைச் சேர்த்து ரீல்ஸில் போட்டு, அது அவர் மகளைக் கட்டிக்கொடுத்த வீடுவரை போய்ச் சேர்ந்தது. கும்பிட வந்த இடத்தில் அவருக்கு நடந்தது அது. குறி கேட்க வருகிறவர்களும் அப்படித்தான். பிள்ளை இல்லாத குறை, கடன், வீட்டுச் சண்டை என்று சாமி காதில் மட்டும் சொல்ல வந்ததைப் பக்கத்தில் நின்று ரெக்கார்ட் செய்வது எந்த வகையிலும் நியாயமில்லை.

குளித்து ஈரச் சேலையோடு வருகிற பெண்களையும், மொட்டை போட்டு அழுகிற அடுத்த வீட்டுக் குழந்தைகளையும் மண்டபத்துக்கு வெளியேகூட எடுக்காதீர்கள். பெண்கள் உடை மாற்றும் தகரக்கொட்டகைப் பக்கம் போனோடு யாராவது நின்றால் நேரே போலீஸ்தான், சொந்தக்காரன் என்று பார்க்க மாட்டோம். உடை மாற்றுவதை ஒளிந்து பார்த்தாலோ படம் எடுத்தாலோ பாரதிய நியாய சன்ஹிதா 77-ஆவது பிரிவில் முதல் தடவையே குறைந்தது 1 வருஷம் சிறை.

2022 டிசம்பரில் திருச்செந்தூர் கோவில் வழக்கில்தான் மதுரை உயர் நீதிமன்றக் கிளை தமிழகக் கோவில்களில் செல்போனுக்குத் தடை போடச் சொன்னது. நம்முடையது குடும்பக் கோவில். கோர்ட் சொன்னதால் இல்லை, நமக்கே வேண்டும் என்றுதான் இதை வைக்கிறோம்.

சரி, போனை என்ன செய்வது? வேப்பமரத்தடியில் மேஜை போட்டு நம்ம பையன்கள் இருப்பார்கள். சுவிட்ச் ஆஃப் செய்து கொடுத்தால் டோக்கன் தருவார்கள், காசு கிடையாது. கொடுக்க மனமில்லை என்றால் ஆஃப் செய்து மடியிலோ பையிலோ வைத்துக்கொள்ளலாம், சோதனை போட மாட்டோம். வீட்டில் நோயாளியை விட்டு வந்தவர்கள் வைப்ரேட்டில் வைத்துக்கொள்ளுங்கள், அழைப்பு வந்தால் வெளியே போய்ப் பேசுங்கள். யாராவது மறந்துபோய் போனை எடுத்தால் "உள்ளே வேண்டாம் அண்ணாச்சி" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சாமி முன்னால் பிடுங்குவதும் சத்தம் போடுவதும் போன் அடிப்பதைவிட மோசம்.

பந்தல், வில்லிசை மேடை, உங்கள் பொங்கப்பானை, உங்கள் வீட்டுக் காதுகுத்து எல்லாம் தாராளமாக எடுங்கள். வில்லுப்பாட்டை முழுசாக எடுப்பதாக இருந்தால் பாடுகிற அண்ணாவியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், அவர் தொழில் அது.

அம்மன் அலங்காரத்தைக் கோவில் சார்பில் ஒரே ஒரு கேமராக்காரர், தீபாராதனைக்கு முன்னால், நடை சாத்தியிருக்கும்போது எடுப்பார். அதில் ஆட்கள் முகம் வராது. புதன்கிழமை சாயங்காலத்துக்குள் படங்கள் வரிதாரர் வாட்ஸ்அப் குரூப்புக்கு வந்துவிடும், வர முடியாத சொந்தங்களுக்கு அதை அனுப்புங்கள். காணிக்கைக்கான கியூஆர் அட்டை வெளிவாசலில்தான் இருக்கிறது, அதற்காகப் போனோடு உள்ளே வர வேண்டியதில்லை.

டோக்கன் மேஜை சாமக்கொடை முடிந்தும் விடியவிடிய இருக்கும். புதன்கிழமைக்குப் பிறகும் வாங்காமல் போகிற போன்கள் கோவில் சாவி வைத்திருப்பவர் வீட்டில் இருக்கும், டோக்கனோடு வந்து வாங்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
கோவில் வரிதாரர்கள்