விகிதமும் விகிதசமமும்: கற்றல் விளைவுகளோடு பொருத்திய அலகுத் திட்டம், ஏழாம் வகுப்பு

இது கணித ஆசிரியர்கள் அனைவரும் பயன்படுத்துவதற்கான திட்டம். மொத்தம் 10 பாடவேளைகள், ஒவ்வொன்றும் 40 நிமிடம். கடைசிப் பாடவேளையில் 25 மதிப்பெண் தேர்வு.

இந்த அலகுக்கு இதுவரை பயன்பட்ட வினாத்தாளில் 25-க்கு 17 மதிப்பெண் ஒரே வகைக் கணக்குக்குப் போனது: மூன்று எண்கள் கொடுத்து நான்காவதைக் கேட்பது. குறுக்குப் பெருக்கல் தெரிந்தால் போதும், எங்கே விகிதசமம் பொருந்தும், எங்கே பொருந்தாது என்று யோசிக்கவே வேண்டாம். அதனால் இந்தத் திட்டத்தை விளைவுகளிலிருந்து தொடங்கி, அடுத்து வினாக்களுக்குப் போய், பாடவேளைகளைக் கடைசியில் பிரித்திருக்கிறோம். விளைவில் 'விளக்குதல்' என்று இருந்தால் வினாவும் விளக்கச் சொல்ல வேண்டும். 'முடிவு செய்தல்' என்று இருந்தால் முடிவெடுக்கும் வேலையை மாணவரிடமே விட வேண்டும்.

அலகின் முடிவில் மாணவர் செய்யக்கூடியவை

வி1. ஒரே வகையான இரண்டு அளவுகளை ஒரே அலகுக்கு மாற்றி, விகிதமாக எழுதி, எளிய வடிவுக்குச் சுருக்குதல்.
வி2. பகுதிக்கும் பகுதிக்கும் உள்ள விகிதத்தை, பகுதிக்கும் முழுமைக்கும் உள்ள விகிதத்திலிருந்து பிரித்தறிதல்.
வி3. இரண்டு விகிதங்களை ஒப்பிட்டு, எது பெரியது என்று காரணத்தோடு சொல்லுதல்.
வி4. விகிதசமத்தில் விடுபட்ட மதிப்பைக் கண்டு, தான் போன வழி ஏன் சரி என்று விளக்குதல்.
வி5. ஒரு சூழல் நேர் விகிதசமமா இல்லையா என்று முடிவு செய்து, காரணம் கூறுதல்.

தேர்வு வினாக்கள்

வினா 1 (வி1, 3 மதிப்பெண்): 45 நிமிடத்துக்கும் 2 மணி நேரத்துக்கும் உள்ள விகிதத்தை எளிய வடிவில் எழுதுக.
விடை 3 : 8. அலகு மாற்றத்துக்கு 1, விகிதத்துக்கு 1, சுருக்குவதற்கு 1. 45 : 2 என்று எழுதியவர் அலகை மறந்திருக்கிறார், அவருக்குச் சுருக்குவதில் மறுபயிற்சி தேவையில்லை.

வினா 2 (வி2, 5 மதிப்பெண்): ஓர் அலமாரியில் கதைப் புத்தகங்களும் அறிவியல் புத்தகங்களும் மட்டுமே 3 : 5 என்ற விகிதத்தில் உள்ளன. 'மொத்தப் புத்தகங்களில் 3/5 பங்கு கதைப் புத்தகங்கள்' என்கிறார் ஒருவர். சரியா? ஏன்? மொத்தம் 32 புத்தகங்கள் என்றால் ஒவ்வொரு வகையிலும் எத்தனை?
தவறு, பங்கு 3/8. கதை 12, அறிவியல் 20. முதல் பகுதிக்கு 2, இரண்டாவதற்கு 3.

வினா 3 (வி3, 5 மதிப்பெண்): அ) ஒரு கலவையில் 2 பங்கு நீலம், 3 பங்கு வெள்ளை. இன்னொன்றில் 4 பங்கு நீலம், 5 பங்கு வெள்ளை. எது அதிக நீலமாக இருக்கும்? ஆ) 3 பங்கு நீலம், 5 பங்கு வெள்ளை ஒரு கலவை, 5 பங்கு நீலம், 8 பங்கு வெள்ளை மற்றொன்று. இங்கே எது? இரண்டுக்கும் காரணம் எழுதுக.

இந்த வினாவின் எண்களைத் தயவுசெய்து மாற்ற வேண்டாம். இந்த வயதில் பலர் பெருக்கலாக யோசிக்க வேண்டிய இடத்தில் கழித்துப் பார்க்கிறார்கள்: 'வெள்ளை எத்தனை கூட இருக்கிறது?' பகுதி அ-வில் இரண்டு கலவையிலும் வித்தியாசம் 1 என்பதால், கழித்துப் பார்ப்பவர் 'இரண்டும் ஒன்றே' என்பார். பகுதி ஆ-வில் வித்தியாசம் 2, 3 என்பதால் முதல் கலவையைச் சொல்வார். சரியான விடை இரண்டிலும் இரண்டாவது கலவைதான். 3/5 என்பது 0.6, 5/8 என்பது 0.625. இதற்குப் பதிலாக 2 : 3, 3 : 5 என்று எண்களை வைத்தால், கழித்துப் பார்ப்பவருக்கும் பெருக்கிப் பார்ப்பவருக்கும் ஒரே விடை வந்துவிடும். முழு மதிப்பெண் போடுவோம், ஆனால் அந்த மாணவர் எப்படி யோசித்தார் என்று தெரியாமலே போகும். அ-வுக்கு 2, ஆ-வுக்கு 3.

வினா 4 (வி4, 6 மதிப்பெண்): 6 செ.மீ. அகலமும் 9 செ.மீ. உயரமும் உள்ள படத்தை, வடிவம் மாறாமல் 10 செ.மீ. அகலத்துக்குப் பெரிதாக்கினால் உயரம் என்ன? உங்கள் வழி ஏன் சரி என்று இரண்டு வாக்கியங்களில் எழுதுக.
விடை 15 செ.மீ. 13 என்று வந்தால், அகலத்தில் கூடிய 4-ஐ உயரத்திலும் கூட்டியிருக்கிறார் என்று பொருள். 6-லிருந்து 10-க்கு முழு எண் மடங்கு இல்லை என்பதால், இரட்டிப்பாக்கித் தப்பிக்கும் வழியும் இல்லை. விடைக்கு 3, விளக்கத்துக்கு 3. 'முனை மதிப்புகளின் பெருக்கற்பலனும் நடு மதிப்புகளின் பெருக்கற்பலனும் சமம்' என்று விதியை மட்டும் எழுதினால் விளக்கத்துக்கு 1 போதும். 'உயரம் எப்போதும் அகலத்தின் ஒன்றரை மடங்கு' என்பது போன்ற வாக்கியத்துக்கு முழுசாக 3.

வினா 5 (வி5, 6 மதிப்பெண்): கீழே உள்ளவற்றில் எவை நேர் விகிதசமம்? காரணம் எழுதுக.
அ) சதுரத்தின் பக்க அளவும் சுற்றளவும்.
ஆ) இருவர் ஒரே வேகத்தில் ஓடுகிறார்கள். முதலாமவர் முன்னதாகவே தொடங்கியதால், அவர் 8 சுற்று முடித்தபோது இரண்டாமவர் 4 சுற்று முடித்திருந்தார். இருவரும் முடித்த சுற்றுகள்.
இ) ஒரே வேகத்தில் உழைக்கும் ஆட்களின் எண்ணிக்கையும் ஒரு வேலையை முடிக்க ஆகும் நாட்களும்.

அ மட்டுமே ஆம். ஆ-வில் 4 சுற்று வித்தியாசம் மாறாது. இரண்டாமவர் 12 சுற்று முடிக்கும்போது முதலாமவர் 16 முடித்திருப்பார், 24 அல்ல. இ-யில் ஆட்கள் கூடினால் நாட்கள் குறையும். எதிர் விகிதம் இந்த அலகின் விளைவுகளில் இல்லை, ஆகவே கணக்கிடச் சொல்லக் கூடாது. ஒவ்வொன்றிலும் முடிவுக்கு 1, காரணத்துக்கு 1. காரணம் கேட்காமல் விட்டால் ஊகித்தே பாதி மதிப்பெண் வாங்கிவிடலாம்.

வினா 3, வினா 5-ஆ இரண்டும் சேர்ந்துதான் முழுப் படத்தைத் தரும். முதலாவதில் கூட்டல் சிந்தனை தவறு, இரண்டாவதில் அதுவே சரி. எங்கே எது என்று தெரிந்தவருக்குத்தான் விகிதசமம் பிடிபட்டிருக்கிறது.

தாளிலிருந்து ஒரு நல்ல கணக்கை எடுத்துவிட்டோம்: 1 : 50,000 அளவுகோல் வரைபடத்தில் 3 செ.மீ. என்றால் உண்மையில் எத்தனை கி.மீ.? விடை 1.5. அலகு மாற்றமும் விடுபட்ட மதிப்பும் அதில் கலந்திருப்பதால், தவறினால் வி1-இலா வி4-இலா என்று சொல்ல முடியாது. வகுப்பில் குழுவாகச் செய்ய அது அருமையான கணக்கு, அங்கே வைத்துக்கொள்ளலாம்.

பாடவேளைப் பங்கீடு

வி1-க்கு 1, மற்ற நான்குக்கும் தலா 2, தேர்வுக்கு 1. வி4-இன் முதல் பாடவேளையில் ஓரலகு முறையும் மடங்கு அட்டவணையும் மட்டும். குறுக்குப் பெருக்கல் ஏழாவது பாடவேளைக்கு முன் வர வேண்டாம். அது முதலிலேயே கைக்கு வந்துவிட்டால், விளக்கம் எழுத வேண்டிய இடத்திலும் பிள்ளைகள் அதையே எழுதுவார்கள். வி5-க்கு x = 2, 4, 6; y = 5, 9, 13 என்ற அட்டவணையைக் கரும்பலகையில் போட்டு, 'இரண்டும் சீராகத்தானே ஏறுகின்றன, விகிதசமமா?' என்று கேட்டுத் தொடங்கலாம். விவாதத்துக்கு நேரம் கொடுங்கள், விடையை அவசரப்பட்டுச் சொல்ல வேண்டாம்.

மூன்றாவது, ஐந்தாவது, ஏழாவது பாடவேளைகளின் கடைசி ஐந்து நிமிடத்தில் ஒரே ஒரு வினாவுக்குச் சீட்டில் விடை வாங்குங்கள். அதற்கு மதிப்பெண் கிடையாது. ஏழாவது சீட்டில் மூன்றில் ஒரு பங்கினருக்கு மேல் கூட்டல் வழியில் போயிருந்தால், எட்டாவது பாடவேளையில் வி5-ஐத் தொடங்காமல் படம் பெரிதாக்கும் கணக்குக்கே திரும்புங்கள். வி5-க்கு ஒன்பதாவது மட்டும் போதும்.

தேர்வுக்குப் பின் மொத்த மதிப்பெண்ணை மட்டும் பதிவேட்டில் ஏற்ற வேண்டாம். வி1 முதல் வி5 வரை ஐந்து கட்டங்களில் தனித்தனியாக ஏற்றுங்கள். 25-க்கு 17 வாங்கிய இருவரில் ஒருவர் வினா 5-இல் பூஜ்யம் வாங்கியிருக்கலாம், இன்னொருவர் வினா 1, 2-இல் சறுக்கியிருக்கலாம். மறுகற்பித்தல் குழுக்களை அந்தக் கட்டங்களைப் பார்த்தே பிரிக்க வேண்டும்.